கையில காசு கூடியிருக்கு, ஆனா கிளப் நஷ்டத்துல இருக்கு! எப்படி?

உங்க ஏரியா ஷட்டில் கிளப்புக்கோ மன்றத்துக்கோ நீங்கதான் பொருளாளரா? அப்போ வருஷாந்திரக் கூட்டத்துல ஒரு தாளை எடுத்து வாசிச்சிருப்பீங்க: "போன வருஷம் கையிருப்பு இவ்வளவு, வந்தது இவ்வளவு, போனது இவ்வளவு, மீதி இவ்வளவு." எல்லாரும் கை தட்டுவாங்க. அந்தத் தாளுக்குப் பேர் பெறுதல்கள் மற்றும் செலுத்தல்கள் கணக்கு. பணம் எங்கிருந்து வந்தது, எங்கே போனதுன்னு அது சரியாச் சொல்லும். ஆனா கிளப் லாபத்துல ஓடுதா, நஷ்டத்துல ஓடுதான்னு சொல்லாது. அதுக்கு அந்தத் தாளிலிருந்து இன்னும் ரெண்டு கணக்கு தயாரிக்கணும்: வருவாய் மற்றும் செலவினக் கணக்கு, இருப்புநிலைக் குறிப்பு.

திருப்பூர்ல ஒரு ஷட்டில் கிளப் இருக்கிறதா வச்சுக்குவோம். இது புரியறதுக்காக நான் போட்ட உதாரணம். 120 உறுப்பினர்கள், ஆளுக்கு வருஷ சந்தா ரூ.3,000. 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரைக்கும் பொருளாளர் வாசிச்ச கணக்கு இதுதான்:

வந்தது
- ஆரம்பக் கையிருப்பு: 60,000
- சந்தா: 3,81,000
- ஆயுள் உறுப்பினர் கட்டணம் (4 பேர்): 1,00,000
- வைப்புநிதி வட்டி: 14,000
- மொத்தம்: 5,55,000

போனது
- கோர்ட் வாடகை (11 மாதம்): 1,65,000
- காவலாளி சம்பளம்: 96,000
- மின்கட்டணம்: 48,000
- ஷட்டில் காக் வாங்கியது: 72,000
- பொங்கல் போட்டிச் செலவு: 25,000
- புது சிந்தெடிக் மேட்: 80,000
- மொத்தம்: 4,86,000

மீதி 69,000. "80,000 ரூபாய்க்கு மேட் வாங்கியும் கையிருப்பு 9,000 கூடியிருக்கு, அதனால சந்தாவை ஏத்த வேண்டாம்"னு கமிட்டி முடிவு பண்ணுது. இந்த முடிவு சரியா? பார்ப்போம்.

முதல் படி: சந்தாவைப் பிரிங்க

வந்த 3,81,000-ஐ ரசீது புத்தகத்தை வச்சுப் பிரிச்சா மூணு துண்டு. போன வருஷ பாக்கியை 5 பேர் இப்போ கட்டினது 15,000. இந்த வருஷத்துக்காக 102 பேர் கட்டினது 3,06,000. அடுத்த வருஷ சந்தாவை 20 பேர் முன்கூட்டியே கட்டினது 60,000. திருப்பூர்ல இந்த மூணாவது துண்டு ஆச்சரியமே இல்லை. தீபாவளி போனஸ் கையில வந்ததும் "அடுத்த வருஷத்துக்கும் சேர்த்து எழுதிக்கோங்க அண்ணா"ன்னு கொடுத்துடுவாங்க. ஆனா அது இந்த வருஷ வருமானம் இல்லை, அந்த 20 பேருக்கும் கிளப் பட்டிருக்கிற கடன்.

அப்போ இந்த வருஷ சந்தா வருமானம் எவ்வளவு? பணத்தை எண்ணாதீங்க, தலையை எண்ணுங்க. இப்போ கட்டினவங்க 102 பேர், போன வருஷமே முன்பணமா 30,000 கட்டினவங்க 10 பேர், இன்னும் கட்டாதவங்க 8 பேர். மொத்தம் 120. ஆக வருமானம் 3,60,000. கட்டாத 8 பேரோட 24,000 கிளப்புக்கு வர வேண்டிய பாக்கி. தலைக்கணக்கு உறுப்பினர் பட்டியலோட சேரலைன்னா, எங்கேயோ ரசீது தப்பா எழுதியிருக்குன்னு அர்த்தம்.

இரண்டாம் படி: முதலினமா, வருவாயினமா?

ஆயுள் கட்டணம் கொடுத்தவர் ஆயுசுக்கும் விளையாடப் போறார். அந்த ஒரு லட்சத்தை ஒரே வருஷ வருமானமா காட்டக் கூடாது. பிளஸ் டூ கணக்குப்பதிவியல் பாடத்துலயும் இதை முதலின வரவாத்தான் சொல்லித் தர்றாங்க. நேரா முதல் நிதியில சேர்க்கணும். அதே மாதிரி மேட் சொத்து, செலவு இல்லை. 5 வருஷம் உழைக்கும்னு வச்சா வருஷத்துக்கு 16,000 தேய்மானம். அக்டோபர் 1-ல வாங்கினதால இந்த வருஷத்துக்குப் பாதி, 8,000.

மூன்றாம் படி: இந்த வருஷச் செலவு முழுசா வந்துச்சா?

மார்ச் மாத வாடகை 15,000 இன்னும் கொடுக்கலை. கொடுக்காட்டியும் அது இந்த வருஷச் செலவுதான், ஆக வாடகை 1,80,000. ஷட்டில் காக் ஆரம்பத்துல 12,000-க்கு ஸ்டாக் இருந்தது, கடைசியில 6,000-க்கு இருக்கு. வாங்கினது 72,000. அப்போ அடிச்சுத் தீர்த்தது 78,000.

இப்போ வருவாய் மற்றும் செலவினக் கணக்கு

- வருமானம்: சந்தா 3,60,000 + வட்டி 14,000 = 3,74,000
- செலவு: வாடகை 1,80,000 + சம்பளம் 96,000 + மின்சாரம் 48,000 + ஷட்டில் காக் 78,000 + போட்டி 25,000 + தேய்மானம் 8,000 = 4,35,000
- பற்றாக்குறை: 61,000

கை தட்டின கூட்டம் இதைப் பார்த்தா அமைதியாயிடும். ஆயுள் கட்டணத்தைத் தப்பா வருமானத்துல சேர்த்திருந்தா இதே கிளப் 39,000 உபரின்னு காட்டியிருக்கும். பல கிளப்புல நடக்கிறது அதுதான்.

கடைசியா இருப்புநிலைக் குறிப்பு

ஆரம்ப முதல் நிதி தாளில் இருக்காது, நாமதான் கண்டுபிடிக்கணும். வருஷத் தொடக்கத்துல இருந்த சொத்துகள்: கையிருப்பு 60,000, வைப்புநிதி 2,00,000, வர வேண்டிய சந்தா 15,000, ஸ்டாக் 12,000. மொத்தம் 2,87,000. அதுல முன்கூட்டி வாங்கின சந்தா 30,000-ஐக் கழிச்சா 2,57,000.

- பொறுப்புகள்: முதல் நிதி (2,57,000 + 1,00,000 − 61,000) 2,96,000, முன்கூட்டி வந்த சந்தா 60,000, வாடகை பாக்கி 15,000. மொத்தம் 3,71,000
- சொத்துகள்: கையிருப்பு 69,000, வைப்புநிதி 2,00,000, வர வேண்டிய சந்தா 24,000, ஸ்டாக் 6,000, மேட் 72,000. மொத்தம் 3,71,000

ரெண்டு பக்கமும் சமம். ஆனா சமமா வந்துட்டா எல்லாம் சரின்னு நினைச்சுடாதீங்க. அந்த 24,000 பாக்கியில, வேலை மாறி ஊரை விட்டே போனவங்க ரெண்டு பேர் இருந்தா 6,000 வராது. அதை வாராக்கடனா எழுதினா பற்றாக்குறை 67,000 ஆகும். இதை எந்தக் கூட்டல் கழித்தலும் காட்டாது. பட்டியலை வச்சு ஒவ்வொரு பேரா விசாரிக்கணும்.

வட்டி 14,000-க்கும் ஒரு எச்சரிக்கை. உறுப்பினர்கள் தங்களுக்குள்ள போட்டு எடுத்துக்கிற பணத்துக்கு வரி இல்லைன்னு ஒரு கொள்கை உண்டு. ஆனா வங்கி வைப்புநிதி வட்டிக்கு அது பொருந்தாதுன்னு பெங்களூர் கிளப் வழக்குல 2013-ல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. அதனால வட்டியைச் சந்தாவோட கலக்காம தனியா காட்டுங்க. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன் கீழ் பதிவான சங்கம்னா வருஷா வருஷம் கணக்கைப் பதிவாளர் அலுவலகத்துல தாக்கல் பண்ணவும் வேணும்.

இப்போ கமிட்டியோட முடிவுக்கு வருவோம். 61,000-ஐ 120 பேருக்குப் பிரிச்சா தலைக்கு 508 ரூபாய் சொச்சம். சந்தா 3,500-க்கு மேல போனாத்தான் கிளப் தன் கால்ல நிக்கும். இப்போதைக்கு அதைத் தாங்கிப் பிடிச்சது நாலு ஆயுள் உறுப்பினரும், அடுத்த வருஷக் காசை முன்னாடியே கொடுத்த 20 பேரும்தான். அந்த நாலு பேர் இனி கட்டப் போறதில்லை. அந்த 20 பேர்கிட்ட அடுத்த வருஷத்துக்குக் கேட்கவும் முடியாது.