கொக்கி எழுத்தும் வண்ணக் கட்டமும்

ஸ்க்ராபிள் என்னும் சொல்லாட்டத்தைச் சொல்வளத்தின் போட்டி என்றே பலரும் எண்ணுகின்றனர். நீண்ட சொற்களை அறிந்தவன் வெல்வான் என்பது அவர்கள் கருத்து. ஓரளவுக்கு அது உண்மையே. ஆயினும் நம் விடுதிகளில் மாலை வேளைகளில் நடக்கும் ஆட்டங்களைக் கூர்ந்து நோக்கினால் வேறோர் உண்மையும் புலப்படும். ஒரே ஐந்து எழுத்துகளைக் கொண்டு ஒருவர் பதினெட்டுப் புள்ளி பெறுகிறார். மற்றொருவர் எண்பத்தாறு பெறுகிறார். இந்த வேறுபாடு சொல்லறிவால் வருவதன்று, இடமறிவால் வருவது. அது எவ்வாறு என்பதை ஓர் ஆட்டத்தின் வாயிலாக விளக்க முற்படுகிறேன்.

ஆட்டம் அறியாதார்க்காகச் சில சொற்கள். பலகையில் நெடுக்கிலும் குறுக்கிலும் பதினைந்து பதினைந்தாகக் கட்டங்கள் உள்ளன. ஒவ்வொருவர் கையிலும் ஏழு எழுத்துச் சில்லுகள் இருக்கும். ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் எழுத்துக்கு மதிப்புக் குறைவு. அருகி வரும் எழுத்துக்கு மிகுதி. ஆட்டத்தை வகுத்த ஆல்பிரட் பட்ஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர், செய்தித்தாளில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்தே மதிப்பை அமைத்தார். ஆகவேதான் 'ஏ', 'இ', 'ஆர்' போன்றவற்றுக்கு 1 புள்ளியும், 'கியூ', 'இசட்' இரண்டிற்கும் 10 புள்ளியும் கிடைக்கின்றன.

பலகையில் வண்ணக் கட்டங்கள் நான்கு வகை. பழைய வழக்கப்படி இளநீலம் எழுத்தின் மதிப்பை இருமடங்காக்கும், கருநீலம் மும்மடங்காக்கும். இளஞ்சிவப்பு முழுச் சொல்லின் மதிப்பையும் இருமடங்காக்கும், சிவப்பு மும்மடங்காக்கும். ஒரு சொல்லுக்கு இரண்டு வகையும் அமைந்தால் முதலில் எழுத்தைப் பெருக்கிவிட்டு, பிறகு சொல்லைப் பெருக்க வேண்டும்.

இனிக் கொக்கிக்கு வருவோம். பலகையில் முன்பே உள்ள ஒரு சொல்லின் தலையிலோ வாலிலோ ஓர் எழுத்தைச் சேர்த்து வேறொரு சொல்லாக்க முடியுமானால், அவ்வெழுத்தைக் கொக்கி எழுத்து என்பர். நாம் வைக்கும் புதுச் சொல் அந்த எழுத்தின் வழியே குறுக்காகச் செல்லும். இதனால் ஒரே சில்லு இரண்டு சொற்களில் பங்கு கொள்கிறது. இரண்டு சொற்களுக்கும் நமக்குப் புள்ளி உண்டு. பலரும் கவனியாது விடுவது அடுத்த விதியைத்தான்: கொக்கி எழுத்து வண்ணக் கட்டத்தில் அமர்ந்தால் அக்கட்டத்தின் பெருக்கமும் இரண்டு சொற்களிலும் செல்லும்.

முதலாண்டு மாணவர் ஒருவர் என்னோடு ஆட அமர்ந்தார். ஆட்டத்திற்குப் புதியவர், ஆனால் ஆங்கிலச் சொற்களை நன்கு அறிந்தவர். முதல் சொல் பலகையின் நடுக்கட்டத்தை மறைக்க வேண்டும் என்பது விதி. அவர் 'குவார்ட்' என்ற சொல்லை 8ஆம் வரிசையில் வைத்தார். கியூ, யூ, ஏ, ஆர், டி என்னும் ஐந்து எழுத்துகளும் 7 முதல் 11 வரையுள்ள நிரல்களில் அமர்ந்தன. கால் காலன் கொண்ட முகத்தலளவைக்கு அப்பெயர். எழுத்துகளின் கூட்டு 14. நடுக்கட்டம் இளஞ்சிவப்பு ஆதலால் இருமடங்காகி 28 கிடைத்தது.

என் கையில் இருந்தவை: இசட், இ, பி, ஆர், ஏ, யூ, டபிள்யூ. ஏழும் சேர்ந்த சொல் எதுவும் தென்படவில்லை. ஐந்து எழுத்தில் 'ஸீப்ரா' என்னும் வரிக்குதிரை எவர் கண்ணிலும் படும். அதனை எங்கே வைப்பது?

எளிய வழி, பலகையிலுள்ள 'ஆர்' எழுத்தை ஊடுருவி மேலிருந்து கீழாக எழுதுவது. அப்போது 'இ' என்ற எழுத்து ஒரு கருநீலக் கட்டத்தில் விழுந்து மூன்றாகும். 10+3+3+1+1 என்று மொத்தம் 18. பெரும்பாலோர் இங்கே மனநிறைவு அடைந்துவிடுவர். நான்கு சில்லுக்குப் பதினெட்டு மோசமில்லை அல்லவா?

நான் வேறொன்றைப் பார்த்தேன். 'குவார்ட்' என்ற சொல்லின் வாலில் எவ்வெழுத்து சேரும்? 'எஸ்' சேர்ந்தால் பன்மை. 'ஓ' சேர்ந்தால் 'குவார்ட்டோ', தாளை நாலாக மடித்து அமைக்கும் நூலளவு. 'இ' சேர்ந்தால் வாட்போரில் ஒரு தடுப்பு நிலையின் பெயர். 'இசட்' சேர்ந்தால் 'குவார்ட்ஸ்', கடிகாரங்களில் துடிக்கும் படிகக்கல். இந்நான்கில் 'இ', 'இசட்' இரண்டும் என் கையில் இருந்தன.

கொக்கி விழும் இடம் 8ஆம் வரிசை, 12ஆம் நிரல். அஃது இளநீலக் கட்டம். அதே நிரலில் மேலே 4ஆம் வரிசையிலும் கீழே 12ஆம் வரிசையிலும் இளஞ்சிவப்புக் கட்டங்கள் நிற்கின்றன. கொக்கிக் கட்டத்தையும் சேர்த்து எண்ணினால் இரு பக்கமும் சரியாக ஐந்தாம் கட்டத்தில் அவை வருகின்றன. ஆகவே கொக்கி எழுத்தில் தொடங்கும் ஐந்தெழுத்துச் சொல்லோ, கொக்கி எழுத்தில் முடியும் ஐந்தெழுத்துச் சொல்லோ இருந்தால் போதும். இளநீலமும் இளஞ்சிவப்பும் ஒருங்கே கிட்டும்.

வியப்பு என்னவெனில் என் கையிலிருந்த அதே ஐந்து எழுத்துகள் இரண்டு வகையிலும் அமைந்தன. வரிசையை மாற்றினால் 'ப்ரேஸ்' என்றாகும். பித்தளை கொண்டு உலோகங்களைப் பற்றவைத்தல் என்பது அதன் பொருள். பி, ஆர், ஏ, இசட், இ என்பது எழுத்து முறை. அது 'இ'யில் முடிகிறது. 'ஸீப்ரா'வோ 'இசட்'டில் தொடங்குகிறது. இரண்டையும் கணக்கிட்டுப் பார்ப்போம்.

'ப்ரேஸ்' மேலிருந்து வந்து 'இ'யைக் கொக்கியாக்கினால், அந்த 'இ' இருமடங்காகி 2. சொல்லின் கூட்டு 3+1+1+10+2=17; இளஞ்சிவப்பால் 34. குறுக்கே உண்டாகும் சொல்லுக்கு 14+2=16. ஆக மொத்தம் 50.

'ஸீப்ரா' கொக்கியிலிருந்து கீழிறங்கினால் 'இசட்' இருமடங்காகி 20. சொல்லின் கூட்டு 20+1+3+1+1=26; இளஞ்சிவப்பால் 52. குறுக்கே 'குவார்ட்ஸ்' சொல்லுக்கு 14+20=34. ஆக மொத்தம் 86.

நான் வைத்தது இதனைத்தான். நண்பர் "ஐந்து சில்லுக்கு எண்பத்தாறா, அண்ணா?" என்று கேட்டுத் தாமே தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்தார். கணக்கு சரியாகவே வந்தது. 'இசட்' ஒன்று மட்டும் நெடுக்கில் 40, குறுக்கில் 20 என்று 60 புள்ளி ஈட்டியிருக்கிறது. மற்ற ஒன்பது எழுத்துகளும் சேர்ந்து கொடுத்தவை 26தான். ஐம்பதுக்கும் எண்பத்தாறுக்கும் இடையிலுள்ள வேறுபாடு, கொக்கிக் கட்டத்தில் லேசான எழுத்து அமர்ந்ததா, கனத்த எழுத்து அமர்ந்ததா என்பதே.

ஆகவே தேடும் முறை இது. முதலில் நம் கையை மறந்துவிட்டு, பலகையிலுள்ள சொற்கள் எவ்வெழுத்தைக் கொக்கியாக ஏற்கும் என்று பார்க்க வேண்டும். பிறகு அக்கொக்கி விழும் கட்டம் வண்ணக் கட்டமா, அதே நிரலில் எட்டும் தூரத்தில் சொல்லைப் பெருக்கும் கட்டம் உண்டா என்று எண்ண வேண்டும். அதன் பின்னரே கையிலுள்ள கனத்த எழுத்து அக்கொக்கியாகுமா என்று பார்த்து, அவ்வெழுத்தில் தொடங்கும் அல்லது முடியும் சொல்லைத் தேட வேண்டும். சொல்லை முதலில் கண்டுபிடித்துவிட்டு அதற்கு இடம் தேடுவோர் பெரும்பாலும் பதினெட்டோடு நின்றுவிடுவர்.

கொக்கிக் கட்டமே சொல்லைப் பெருக்கும் கட்டமாக அமைவதும் உண்டு. பத்துப் புள்ளிச் சொல் ஒன்று 8ஆம் வரிசையில் 14ஆம் நிரலில் முடிந்திருந்தால், அடுத்த கட்டம் சிவப்பு. அங்கே 'எஸ்' வைத்தால் பழைய சொல்லே (10+1)×3=33 தரும். நாம் குறுக்காக வைக்கும் சொல்லும் தனியே மும்மடங்காகும்.

பிழைகள் நேரும் இடங்களையும் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்டத்தில் 12ஆம் வரிசையின் இளஞ்சிவப்பு 'ஸீப்ரா'வை மட்டுமே பெருக்கியது. 'குவார்ட்ஸ்' அக்கட்டத்தைத் தொடவில்லை. ஆதலால் அதனை இருமடங்காக்கக் கூடாது. கட்டம் எச்சொல்லின் கீழ் இருக்கிறதோ அச்சொல்லுக்கே அதன் பயன்.

இரண்டாவது, வண்ணக் கட்டம் ஒருமுறைதான் பயன் தரும். அடுத்து ஆடுபவர் 'ஸீப்ரா'வின் வாலில் 'எஸ்' சேர்த்தால் அச்சொல்லுக்கு அவர் பெறுவது வெறும் 17. ஆயினும் அதனை எளிதென்று விடுதற்கில்லை. அந்த 'எஸ்' 13ஆம் வரிசையில் விழும். அதன் வலப்பக்கத்திலேயே மற்றோர் இளஞ்சிவப்புக் கட்டம் இருக்கிறது. நாம் கொக்கியிட்டு ஆடும்போதே பிறர்க்கும் ஒரு கொக்கியைத் திறந்து விடுகிறோம்.

மூன்றாவது, எழுத்தில்லாத வெற்றுச் சில்லு. அதனை எந்த எழுத்தாகவும் கொள்ளலாம். ஆனால் அதன் மதிப்புச் சுழி. சுழியை இருமடங்காக்கினாலும் சுழியே. என் 'இசட்' வெற்றுச் சில்லாக இருந்திருந்தால் நெடுக்கில் 12, குறுக்கில் 14, மொத்தம் 26 மட்டுமே கிடைத்திருக்கும்.

நான்காவது, ஐயமான கொக்கி. இரண்டு சொற்களில் எது பொய்த்தாலும் ஆட்டம் பொய்க்கும். எதிராளி மறுத்து, அகராதியில் அச்சொல் இல்லையெனில், எல்லாச் சில்லுகளையும் திரும்ப எடுத்துக்கொண்டு முறையையும் இழக்க நேரும். நம் நாட்டுப் போட்டிகளில் காலின்ஸ் சொற்பட்டியலே அளவுகோல். ஆகவே தனிச் சொற்களைப் படிப்பதோடு, ஒவ்வொரு சொல்லும் எந்தெந்தக் கொக்கிகளை ஏற்கும் என்பதையும் உடன் குறித்துக்கொள்வது நலம்.

இறுதியாக, கொக்கியைத் தேடுவது எவ்வளவு வேண்டுமோ, கொடாமல் இருப்பதும் அவ்வளவு வேண்டும். நண்பர் அதே 'குவார்ட்' சொல்லை மூன்று கட்டம் இடப்பக்கம் நகர்த்தி, 4 முதல் 8 வரையுள்ள நிரல்களில் வைத்திருக்கலாம். அப்போது 'கியூ' இளநீலத்தில் அமர்ந்து 20 ஆகும், சொல் 24, நடுக்கட்டத்தால் 48. கொக்கியோ வண்ணமற்ற வெள்ளைக் கட்டத்தில் விழும். அங்கே 'ஸீப்ரா' வைத்தால் நெடுக்கில் 17, குறுக்கில் 24, மொத்தம் 41. அவர் ஏழு புள்ளி முன்னே நின்றிருப்பார். வைத்த இடத்தால் ஐம்பத்தெட்டுப் புள்ளி பின்னே நின்றார். சொல் அதுவே; எழுத்துகளும் அவையே. சில்லை வைக்குமுன் அதன் வாலுக்கு அடுத்த கட்டம் என்ன வண்ணம் என்று ஒரு கணம் பார்ப்பது போதும்.