ஐந்து சலவைத் தூள்கள், ஓர் அட்டவணை

போட்டி பிராண்டுகளை ஆராயும் தாள் அடிப்படையில் ஓர் அட்டவணைதான். மேலே வரிசையாகப் போட்டியாளர்களின் பெயர்கள் இருக்கும். இடப்பக்கத்தில் மூன்று கேள்விகள்: ஒவ்வொன்றும் வாங்குபவருக்கு என்ன வாக்குறுதி தருகிறது, கண்ணுக்கு எப்படித் தெரிகிறது, எந்தக் குரலில் பேசுகிறது? புதிதாகச் சலவைத் தூள் தயாரிக்க இறங்கும் ஒரு நிறுவனம் இதைப் போடுவதாகக் கொள்ளலாம். சர்ஃப் எக்ஸெல், ரின், டைடு, நிர்மா, கடி என ஐந்து பெயர்கள் மேல் வரிசையில் வருகின்றன.

கேள்விகளுக்குப் போகுமுன், ஒவ்வொரு பெயருக்கும் கீழே அதன் உரிமையாளரை எழுதிவிட வேண்டும். சர்ஃப் எக்ஸெலும் ரின்னும் இந்துஸ்தான் யூனிலீவருடையவை. டைடு புராக்டர் அண்டு கேம்பிளுடையது. ஒரே வீட்டுப் பிராண்டுகள் இரண்டு வேறு வேறு பேச்சுப் பேசினால் அது தற்செயல் அல்ல, பாகப்பிரிவினை. இந்த வரி இல்லாத தாளைப் படிப்பவர், ஒரே நிறுவனம் தனக்குள் பிரித்து வைத்த எல்லையைச் சந்தையின் போட்டி என்று எடுத்துக்கொள்வார்.

வாக்குறுதி வரிசையில் விளம்பரம் சொன்னதைச் சொன்னபடியே எழுத வேண்டும். ‘தரமானது’, ‘நம்பகமானது’ போன்ற நம் தீர்ப்புகளுக்கு அங்கே இடமில்லை. அப்படி எழுதினால் நிர்மா பாலைப் போன்ற வெண்மையைச் சொல்கிறது. ரின் பளிச்சிடுவதைச் சொல்கிறது. டைடு, பார்த்தவர் அசந்துபோகும் வெண்மையைச் சொல்கிறது. கடி, முதலில் பயன்படுத்துங்கள், பிறகு நம்புங்கள் என்கிறது. சர்ஃப் எக்ஸெல் மட்டும் ‘கறை நல்லது’ என்கிறது. ஐந்தில் மூன்று வெண்மையைச் சுற்றியே நிற்பது, இப்படிப் பக்கவாட்டில் படிக்கும்போதுதான் தெரியும். இந்தத் தாளை மேலிருந்து கீழாகப் படித்தால் ஒவ்வொரு பிராண்டின் ஜாதகம் கிடைக்கும். குறுக்காகப் படித்தால்தான் சந்தை தெரியும்.

தோற்ற வரிசையில் நிறம், சின்னம், படத்தில் இருப்பவர், துணியின் நிலை ஆகியவற்றைத் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். நிர்மா உறையில் வெள்ளைக் கவுன் அணிந்த சிறுமி சுழன்று நிற்கிறாள். டைடு, ஆரஞ்சும் மஞ்சளும் கலந்த வட்டங்களை நம்பி நிற்கிறது. ரின்னின் அடையாளம் மின்னல். சர்ஃப் எக்ஸெலின் சின்னமோ தெறித்த கறை ஒன்றின் வடிவம். மற்றவர்கள் துவைத்த பின் உள்ள துணியைக் காட்ட, இது அழுக்கையே சின்னமாக்கிக்கொண்டது.

குரல்தான் பலர் அரைகுறையாக நிரப்பும் வரிசை. ‘அன்பான குரல்’ என்று எழுதினால் எந்தப் பயனும் இல்லை. யார் பேசுகிறார், யாரிடம், கட்டளையா கேள்வியா, ‘நீங்கள்’ என்கிறதா என்று எழுத வேண்டும். சர்ஃப் எக்ஸெலின் பழைய விளம்பரம் ஒன்றில், பள்ளி விட்டு வரும் தங்கை சேற்றில் விழுகிறாள். அண்ணன் அந்தச் சேற்றையே அடித்துத் துவைத்து, அது மன்னிப்புக் கேட்டுவிட்டதாக அவளிடம் சொல்கிறான். கதையை நடத்துவது குழந்தைகள். தூளின் வேலை கடைசியில்தான் வருகிறது. கடியின் வாசகமோ வாங்குபவரிடம் நேராகப் பேசி, சோதித்துப் பார்க்கச் சொல்கிறது. இரண்டும் துணி துவைக்கிற பொருள்தான், ஆனால் ஒன்று தாயின் மனத்தோடு பேசுகிறது, மற்றது அவளது கணக்கோடு. பெயரை மறைத்துவிட்டு வாசகத்தை மட்டும் நாலு பேரிடம் படித்துக் காட்டினால், அது எந்தப் பிராண்டு என்று அவர்களால் சொல்ல முடிகிறதா என்பதே இந்த வரிசைக்கு நல்ல சோதனை.

தமிழ்நாட்டில் விற்கப்போகும் பொருளுக்கு இந்தி விளம்பரத்தை வைத்து இந்த வரிசையை நிரப்புவது பெரிய பிழை. மொழிபெயர்ப்பில் குரல் மாறிவிடும். இங்கே ஒளிபரப்பாகும் தமிழ் விளம்பரத்தையும், கடையில் தொங்கும் சிறு பாக்கெட்டின் பின்பக்கத்தையும் பார்த்தே எழுத வேண்டும். ஒருவருடைய தொலைக்காட்சி விளம்பரத்தை மற்றவருடைய பாக்கெட்டோடு ஒப்பிடுவதும் அதே வகைத் தவறு. எங்கே, எந்தத் தேதியில் பார்த்தது என்பதை ஒவ்வொரு கட்டத்திலும் குறித்தால் இது தவிரும்.

தாள் நிரம்பியதும் யாரும் தொடாத இடம் ஒன்று கண்ணில் படும். கைவலி குறைவு, கிணற்று உப்புத் தண்ணீரிலும் நுரை என்று ஏதாவது இருக்கலாம். அது காலியாக இருப்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு: யாருக்கும் தோன்றவில்லை, அல்லது வாங்குபவருக்கு அது வேண்டாம். எது உண்மை என்று அட்டவணை சொல்லாது. துவைக்கிறவர்களிடம்தான் கேட்க வேண்டும். போட்டியாளர் விளம்பரத்தில் சொன்னதை மட்டுமே தாள் காட்டும், அதை வாங்குபவர் நம்பினாரா என்பதை அல்ல. நம்முடைய பிராண்டின் கட்டத்தை இதற்கெல்லாம் பிறகு, நிறுவனத்துக்கு வெளியே இருப்பவர் ஒருவர் பாக்கெட்டைப் பார்த்து நிரப்புவது நல்லது.