கோடு போடும் இடத்தில்தான் கோட்டை விடுகிறோம்

மகளின் கணக்குப் பயிற்சித்தாளில் 8 பழைய ஸ்கூட்டர்களின் வயதும் விலையும் இருந்தன. வயது 1, 2, 3, 4, 6, 7, 8, 9 ஆண்டுகள். விலை, ஆயிரம் ரூபாயில், முறையே 77, 66, 67, 54, 47, 36, 36, 25.

வயதைக் கிடையாகவும் விலையைச் செங்குத்தாகவும் எடுத்துக்கொண்டு, வண்டிக்கு ஒரு புள்ளியாக எட்டையும் வைத்தாள். இதுதான் சிதறல் வரைபடம். புள்ளிகள் இடமிருந்து வலமாக இறங்கின. வயது கூடக் கூட விலை குறைகிறது என்பதால் இது எதிர் ஒட்டுறவு. இரண்டும் சேர்ந்து ஏறினால் நேர் ஒட்டுறவு. அரிசி இறைத்ததுபோல் திசையே இல்லாமல் கிடந்தால் ஒட்டுறவு இல்லை.

பெயர் சொல்வது எளிது. கோடு போடும்போதுதான் குழந்தைகள் தடுமாறுவார்கள். என் மகளும் புள்ளிக்குப் புள்ளி இணைத்துவிட்டு, "அப்பா, 2 வருஷ வண்டியைவிட 3 வருஷ வண்டி விலை கூட. எப்படி?" என்றாள். 3 வருட வண்டியை யாரோ நன்றாகப் பராமரித்திருக்கலாம். அது அந்த ஒரு வண்டியின் கதை. நமக்கு வேண்டியது எட்டுக்கும் பொதுவான போக்கு. அதற்கு ஒரே நேர்கோடு போதும். அது எந்தப் புள்ளியையும் தொடாமல் போனாலும் தவறில்லை.

எங்கே போடுவது? முதலில் சராசரி. வயதுகளின் கூடுதல் 40, எட்டால் வகுத்தால் 5. விலைகளின் கூடுதல் 408, சராசரி 51. (5, 51) என்ற இடத்தில் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டு, ஒளிபுகும் அளவுகோலை அதன்மேல் வைத்துத் திருப்பச் சொன்னேன். புள்ளிகளின் போக்கோடு கோடு சாய்ந்து, மேலே நாலும் கீழே நாலுமாகப் பிரிந்தபோது நிறுத்தினாள். ஆண்டுக்குச் சுமார் 6,000 ரூபாய் இறங்கும் கோடு அது. கோடு என்றாலே ஆதிப்புள்ளியில் தொடங்க வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். இங்கே அப்படிச் செய்தால் புது வண்டி இலவசம் என்றாகிவிடும்!

இனி மதிப்பிடலாம். 5 வருட வண்டி பட்டியலில் இல்லை. கோட்டில் அதன் விலை 51,000. கையில் 60,000 இருந்தால்? அந்த உயரத்திலிருந்து கிடையாகப் போய்க் கோட்டைத் தொட்டு, கீழே இறங்கினால் ஏறக்குறைய மூன்றரை வருட வண்டி. வாசித்த வழியைப் புள்ளிக்கோடாகக் காட்டுவது நல்லது. கையால் போட்ட கோடு ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும், விடையும் அதற்கேற்ப மாறும்.

கடைசிக் கேள்வி 14 வருட வண்டிக்கு. மகள் கோட்டை நீட்டினாள். அது 13 ஆண்டுகளைத் தாண்டியதும் பூஜ்யத்துக்குக் கீழே போய்விட்டது. 14-இல் கிட்டத்தட்ட மைனஸ் 4,000. விற்பவர் வண்டியையும் கொடுத்து நாலாயிரமும் தர வேண்டும்! நம்மிடம் உள்ள விவரம் 9 ஆண்டோடு முடிகிறது. அதற்கு அப்பால் கோடு சொல்வதை நம்ப முடியாது என்றே அந்தக் கேள்விக்கு எழுத வேண்டும். 14 வருட ஸ்கூட்டரைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டாலும் காசு கிடைக்கும்.