இந்தப் புடவைக்கு எவ்வளவு தேறும்?

ஜவுளிக்கடையின் ஆண்டுக் கணக்கில் எந்த எண்ணைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் வரும் என்று கேட்டால், இறுதிச் சரக்கு என்பேன். மார்ச் 31 அன்று அலமாரியிலும் குடோனிலும் இருக்கும் துணியின் மதிப்பு அது. அது ஒரு லட்சம் கூடினால் லாபமும் ஒரு லட்சம் கூடும். சரக்கை ஈடாக வைத்துக் கடன் தரும் வங்கியும் அந்த மதிப்பைப் பார்த்துத்தான் வரம்பு போடுகிறது. அதனால் பழைய துணியைப் பழசு என்று ஒப்புக்கொள்ள எந்த முதலாளிக்கும் மனம் வருவதில்லை.

விதி எளிது. அடக்க விலை, விற்றால் கையில் தேறும் தொகை, இந்த இரண்டில் எது குறைவோ அதுவே கணக்கில் வரவேண்டும். அடக்க விலையைச் சோதிப்பது பெரிய வேலை அல்ல. கொள்முதல் பில்லை எடுத்து, வியாபாரி தந்த தள்ளுபடியையும் திரும்பக் கிடைக்கும் ஜிஎஸ்டியையும் கழித்து, லாரி வாடகையைச் சேர்த்தால் முடிந்தது. தேறும் தொகைக்குத்தான் பில் கிடையாது. அது வரப்போகும் நாட்களில் நடக்கப்போகும் விற்பனை. அதை எப்படிச் சோதிப்பது என்பதை, நான் தணிக்கை செய்த ஒரு கடையின் 400 புடவைகளை வைத்துச் சொல்கிறேன்.

2022 தீபாவளிக்காக அந்தக் கடை ஒரே ரகத்தில் 600 புடவைகள் வாங்கியது. அடக்கம் 1,160 ரூபாய். டேக்கில் போட்ட விலை, வரி உட்பட, 1,890. முதல் சீசனில் 170 போனது. 2024 மார்ச் 31 அன்று கையிருப்பு 400. வாங்கி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. கடைக்கு ஒரு கொள்கை உண்டு: ஒரு வருடத்துக்கு மேல் தேங்கிய சரக்குக்கு 10 சதவீதம், இரண்டு வருடத்துக்கு மேல் 25 சதவீதம் மதிப்பைக் குறைத்து ஒதுக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் இந்த 400-க்கும் 46,400 ரூபாய் ஒதுக்கியிருக்க வேண்டும். கணக்கில் இருந்ததோ 22,040.

காரணம் கம்ப்யூட்டர் எடுத்துத் தந்த வயதுப் பட்டியல். அதில் 190 புடவைகள்தான் ஒரு வருடத்தைத் தாண்டியவையாக இருந்தன. மற்ற 210-க்கும் வயது 90 நாளுக்குள் என்று காட்டியது. குடோன் பொறுப்பாளரிடம் கேட்டேன். "அது ஜனவரியில பழைய கிளையிலிருந்து வந்த மாலு சார். இங்க இறக்கும்போது புது பார்கோடு அடிச்சுத்தான ஏத்துவோம்" என்றார். அவர் எதையும் மறைக்கவில்லை. கிளை மாறி வந்த தேதியைக் கம்ப்யூட்டர் வாங்கிய தேதியாக எடுத்துக்கொண்டதால், ஒன்றரை வயதுப் புடவை ஒரே நாளில் புதுச் சரக்காகிவிட்டது. கிளை வைத்திருக்கும் கடைகளில் நான் முதலில் தேடும் பிழை இதுதான். காகிதத்திலிருந்து அலமாரிக்குப் போனால் அது தெரியாது. அலமாரியிலிருந்து காகிதத்துக்கு வரவேண்டும். அடுக்கின் அடியில், மடிப்பு வெளுத்துக் கிடக்கும் பத்துப் புடவைகளை உருவி, டேக்கைப் பார்த்து, அந்த ரகத்தை முதன்முதலில் வாங்கிய பில் வரை பின்னோக்கிப் போக வேண்டும்.

வயதைத் திருத்தினாலும் விஷயம் முடியவில்லை. வயது ஓர் அறிகுறி மட்டுமே. வெள்ளை வேட்டி இரண்டு வருடம் இருந்தாலும் அதே விலைக்குப் போகும். ஃபேன்சி புடவையோ ஆறு மாதத்தில் கிழவியாகிவிடும். அதனால் ஓடும் வேகத்தைப் பார்த்தேன். 2023–24 முழு வருடத்திலும், தீபாவளியும் பொங்கலும் சேர்த்து, இந்த ரகத்தில் விற்றது 30. அந்த வேகத்தில் 400 புடவை தீர 13 வருடம் ஆகும். அப்படியானால் 10 சதவீதக் கழிவுக்கு என்ன ஆதாரம்? யாரோ ஒருமுறை போட்ட விகிதம், அவ்வளவுதான்.

இங்கேதான் தமிழ்நாட்டுத் தணிக்கையாளருக்கு ஆடி மாதம் கைகொடுக்கிறது. கணக்கு முடிவது மார்ச்சில்; நாங்கள் கையெழுத்துப் போடுவது பெரும்பாலும் செப்டம்பரில். நடுவில் ஆடித் தள்ளுபடி வந்துபோகிறது. மார்ச்சில் இருந்த சரக்கு என்ன தேறும் என்பதற்கு, அதற்குப் பிறகு அதே சரக்கு விற்ற பில்லைவிட நல்ல சாட்சி கிடையாது. கணக்கியல் தரநிலைகளும் அந்தச் சாட்சியை ஏற்கின்றன. ஆனால் அதே சரக்குதானா என்று பார்க்க வேண்டும். ஆடிக்கென்றே மலிவாக வாங்கி இறக்கும் துணி நிறைய உண்டு. அதன் பில்லை இதனோடு கலந்தால் கணக்கு கெட்டுவிடும்.

2024 ஆடியில் இந்த ரகத்துக்கு 40 சதவீதத் தள்ளுபடி. 1,890 ரூபாய்ப் புடவை 1,134-க்குப் போனது. அதில் 54 ரூபாய் ஜிஎஸ்டி. அது கடையின் பணம் அல்ல. மீதி 1,080. விற்பனையாளருக்கான இன்சென்டிவ், கார்டு கட்டணம் என்று 40 ரூபாய் போனால் கையில் தேறுவது 1,040. அடக்கத்தைவிட 120 ரூபாய் குறைவு.

முதலாளி உடனே ஒத்துக்கொண்டார். "சரி சார், 400-க்கும் 120 போட்டுடுங்க. 48,000 தானே?" என்றார். எனக்கு அது போதவில்லை. ஆடியில் விற்றது 90 மட்டுமே. வந்தவர்கள் நல்ல நிறத்தையெல்லாம் பொறுக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மீதமிருந்த 310-ல் பெரும்பகுதி மங்கிய பழுப்பும் ஒரு மாதிரியான பச்சையும். 40 சதவீதம் குறைத்தும் போகாத புடவைக்கு 1,040 என்று எப்படி எழுதுவது? கடை மே மாதம் இதே போன்ற மிச்சப் புடவைகளை ஒரு லாட் வியாபாரிக்கு மொத்தமாகத் தள்ளியிருந்தது. வரி போக அடக்கத்தில் பாதியைச் சற்றுத் தாண்டிய விலை. அதை வைத்து 310-க்கும் 600 ரூபாய் என்று எடுத்துக்கொண்டோம்.

90 புடவைக்கு 93,600, 310-க்கு 1,86,000, ஆக 2,79,600. அடக்கம் 4,64,000. குறைக்க வேண்டியது 1,84,400. ஏற்கெனவே ஒதுக்கியிருந்த 22,040 போக, இந்த ஒரு ரகத்தில் மட்டும் லாபத்தில் 1,62,360 குறைந்தது.

"பட்டுல நமக்கு எவ்வளவு லாபம் நிக்குது, அதோட சேர்த்துப் பார்க்கக் கூடாதா?" என்று கேட்டார். கூடாது. ரகம் ரகமாகத்தான் பார்க்க வேண்டும். பட்டு இன்னும் விற்கவில்லை. அதன் லாபம் விற்கும்போது வரும். இந்தப் புடவையின் நஷ்டமோ மார்ச்சிலேயே அலமாரியில் உட்கார்ந்திருந்தது. அந்த வருடம் முழுக்க 30 புடவைதான் விற்றது என்பதே அதற்குச் சாட்சி. ஆடிப் பில் எவ்வளவு நஷ்டம் என்பதை மட்டும்தான் சொன்னது.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. வரியைக் குறைக்க, ஓடும் சரக்குக்கும் சேர்த்து ஒட்டுமொத்தமாக 20 சதவீதம் கழிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆடியில் புதுச் சரக்கும் தள்ளுபடியில்தான் போகிறது; ஆனாலும் பெரும்பாலும் அடக்கத்துக்கு மேலேயே போகிறது. அதற்குக் கழிவு போட இடமில்லை. ரகவாரியாகப் பில் காட்ட முடியாத கழிவை வருமான வரி அதிகாரியும் ஏற்பது கடினம்.

அடுத்த வருடத் தணிக்கையில் நான் முதலில் கேட்டது அந்த 310 என்னவாயிற்று என்றுதான். தீபாவளிக்குள் 64 சில்லறையில் போயிருந்தது. மீதி 246-ஐ லாட் வியாபாரி எடுத்துக்கொண்டார், ஒன்று 540 ரூபாய்க்கு. நான் 600 என்று போட்டது கொஞ்சம் அதிகம். அந்த வருட மிச்சப் புடவைகளுக்கு 540-ஐ வைத்துக் கணக்குப் போட்டோம். கிளை மாற்றப் பட்டியலில் பழைய பில் தேதிக்கு என்று இப்போது தனியாக ஒரு கட்டம் இருக்கிறது.