மங்கிய லோகோவில் தொலைந்த புள்ளி

ஃபிளெக்ஸ் கடையிலும் அச்சகத்திலும் டிசைன் வேலை பார்ப்பவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. கடைக்காரர் வாட்ஸ்அப்பில் ஒரு படத்தை அனுப்பி, "இதுதான் சார் நம்ம லோகோ, இதையே பெரிசா போட்டுடுங்க" என்பார். திறந்து பார்த்தால் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு மங்கலான வட்டம் இருக்கும். பல கை மாறி, ஒவ்வொரு முறையும் சுருக்கப்பட்டு வந்த படம் அது.

ஒரு மரச்செக்கு எண்ணெய்க் கடையின் லோகோவை எடுத்துக்கொள்வோம். அகலம் 128 பிக்சல், உயரமும் அதே. கரும்பச்சை வளையம், நடுவில் மஞ்சள் எண்ணெய்த்துளி, வளையத்தின் மேல் வளைந்து செல்லும் வெள்ளை எழுத்தில் "மரச்செக்கு எண்ணெய்". இதை 3 அடி அகலப் பலகையில் போட வேண்டும். வெள்ளைப் பின்னணியை எடுத்துவிட்டு அடர்நீலத்தின் மேல் வைக்க வேண்டும். அடியில் புதுக் கிளையின் பெயரையும் சேர்க்க வேண்டும்.

தூரத்திலிருந்து பார்க்கும் பலகைக்கு அங்குலத்துக்கு 72 பிக்சல் தாராளம். அந்தக் கணக்கில் 3 அடிக்கு ஏறக்குறைய 2,560 பிக்சல் வேண்டும், அதாவது 20 மடங்கு. நீளத்தில் 20, அகலத்தில் 20 என்றால் பழைய ஒரு பிக்சலின் இடத்தில் 400 பிக்சல் உட்கார வேண்டும். அவற்றில் ஒன்றுக்குத்தான் நம்மிடம் தகவல் இருக்கிறது. மீதி 399-ஐ யார் நிரப்புவது, எதை வைத்து நிரப்புவது என்பதுதான் மொத்தப் பிரச்சினையும்.

அவசரத்தில் பலர் சின்னப் படத்திலேயே பின்னணியை வெட்டிவிட்டுப் பிறகு பெரிதாக்குவார்கள். அது கூடாது. வளையத்தின் ஓரத்தில் இருக்கும் பிக்சல்கள் முழுப் பச்சையும் இல்லை, முழு வெள்ளையும் இல்லை, இரண்டும் கலந்தவை. வெள்ளைப் பின்னணியில் அந்தக் கலப்பு கண்ணுக்குத் தெரியாது. நீலத்தின் மேல் வைத்ததும் வளையத்தைச் சுற்றி ஒரு வெளிறிய விளிம்பு தெரியும். 2 பிக்சல் அகலமாக இருந்த அந்தக் கலப்பு, 20 மடங்கு பெரிதாக்கினால் 40 பிக்சல் பட்டையாகிவிடும். ஆகவே முதலில் பெரிதாக்கி, விளிம்பு எங்கே என்று தீர்மானித்துவிட்டு, அதன்பிறகுதான் திருத்த வேண்டும்.

பெரிதாக்குவதற்குக் கணினி தரும் வழிகள் இரண்டு வகை. பழைய வழி இடைமதிப்புக் கணக்கு. பைக்யூபிக் என்ற முறை ஒவ்வொரு புதுப் பிக்சலுக்கும் அக்கம்பக்கத்திலுள்ள 16 பழைய பிக்சல்களைப் பார்த்து ஒரு நடுமதிப்பைப் போடும். இதில் பொய் இல்லை, கூர்மையும் இல்லை. மங்கல், பெரிய மங்கலாகும், அவ்வளவுதான். புதிய வழி, ஆயிரக்கணக்கான படங்களில் பயிற்சி பெற்ற நிரல். மங்கிய ஓரங்கள் கூர்மையான படத்தில் பொதுவாக எப்படி இருக்கும் என்று அது கற்றிருக்கும். அதை வைத்து 399 பிக்சலையும் தானே நிரப்பிவிடும். வளையத்தின் ஓரம் கத்தியால் வெட்டியது போல வரும். முதல் பார்வையில் வேலை முடிந்தது என்றே தோன்றும்.

எழுத்தைப் பாருங்கள். நம் லோகோவில் எழுத்தின் உயரம் 9 பிக்சல். கோட்டின் தடிமன் ஒரு பிக்சலுக்குச் சற்று மேல். மெய்யெழுத்தின் மேலுள்ள புள்ளி ஒரே ஒரு பிக்சல், அதுவும் பாதி வெளிறியது. போதாததற்கு ஜேபெக் முறை படத்தை 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. நிறத் தகவலைப் பெரும்பாலும் நான்கு பிக்சலுக்கு ஒன்று என்றுதான் வைத்துக்கொள்கிறது. அதனால் எழுத்தைச் சுற்றிக் கொசு மொய்த்தது போல அழுக்கு இருக்கும். இந்த அழுக்குக்கும் ஒற்றெழுத்தின் புள்ளிக்கும் நிரலுக்கு வித்தியாசம் தெரியாது. துடைத்தால் இரண்டையும் துடைக்கும், கூர்மையாக்கினால் இரண்டையும் கூர்மையாக்கும். "எண்ணெய்" என்பதிலுள்ள ணகரத்தின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டி னகரமாகும். அல்லது எந்த மொழியிலும் இல்லாத, ஆனால் மிகக் கூர்மையான ஓர் உருவமாகும். மங்கலாக இருந்தபோது வாசகர் ஊகித்துப் படித்துவிடுவார். கூர்மையான தப்பெழுத்தை அப்படிப் படிக்க முடியாது. என் கவலையெல்லாம் இதில்தான்: மங்கல் தன்னை மங்கல் என்று காட்டிக்கொள்கிறது, இந்தக் கூர்மை தன்னை ஊகம் என்று காட்டிக்கொள்வதில்லை.

கையால் மறுபடி வரைவது என்றால் கண்ணுக்குப்பட்டதைக் குத்துமதிப்பாகப் பேனா கருவியால் சுற்றுவது என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படி வரைந்தால் அது நிரலைவிட மோசமாகத்தான் இருக்கும். முறையாக வரைபவர் மங்கலை அளவுகோலாகப் பயன்படுத்துகிறார்.

வளையத்தின் இடது ஓரத்தில் ஒரு வரிசைப் பிக்சல்களைச் சொட்டுக்கருவியால் தொட்டுச் சிவப்பு அளவைப் பாருங்கள். வெள்ளையில் அது 255, கரும்பச்சையில் 35. நடுவில் இருக்கும் ஒரு பிக்சலில் 145. வித்தியாசம் 220-இல் சரிபாதி 110 குறைந்திருக்கிறது. அப்படியானால் வளையத்தின் உண்மையான விளிம்பு அந்தப் பிக்சலின் நட்டநடுவே போகிறது. அது 200 என்றிருந்தால் கால்பங்குதான் வளையத்துக்குள் இருக்கிறது என்று பொருள். சின்னப் படம் பிக்சல் கணக்கில் பேசினாலும், விளிம்பைப் பிக்சலின் பின்னத்தில் அது சொல்லிவிடுகிறது. இடது விளிம்பு 4.5, வலது விளிம்பு 123.5 என்று வந்தால் விட்டம் 119, மையம் 64. இருபதால் பெருக்கினால் விட்டம் 2,380, மையம் 1,280. மேல், கீழ் விளிம்புகளையும் அளந்து சராசரி பார்த்தால் ஜேபெக் அழுக்கால் வரும் பிழையும் குறையும். இனிப் பேனா கருவி எதற்கு? வட்டக் கருவியால் அந்த விட்டத்தில் ஒரு வட்டம் போட்டால் போதும். கோரல் டிராவிலோ இங்க்ஸ்கேப்பிலோ அது நாலே கணுக்களில் முடிந்துவிடும்.

துளி இடமும் வலமும் சமமாக இருக்க வேண்டியது. பாதியை மட்டும் வரைந்து, கண்ணாடிபோலத் திருப்பி ஒட்ட வேண்டும். அதன் நுனி மங்கிய படத்தில் மொட்டையாகத் தெரியும். இரண்டு பக்கக் கோடுகளையும் அவற்றின் போக்கிலேயே மேலே நீட்டினால், அவை சந்திக்கும் இடம்தான் நுனி. நிறத்தை ஓரத்திலிருந்து எடுக்கக்கூடாது. பரந்த பகுதியின் நடுவிலிருந்து எடுக்க வேண்டும். எழுத்தை வரையவே வேண்டாம். எந்த எழுத்துரு என்று கண்டுபிடித்துத் தட்டச்சு செய்து வளைவில் ஏற்றினால், ணகரத்தின் சுழிகளும் புள்ளிகளும் அவற்றின் இடத்தில் தாமாக வந்துவிடும். ஓவியர் கையால் எழுதிய எழுத்தாக இருந்தால்தான் ஒவ்வொன்றாக வரைய வேண்டிவரும். அப்போதும் 'என்ன எழுத்து' என்பது நமக்குத் தெரியும். நிரலிடம் இல்லாத அந்த ஓர் அறிவுதான் இங்கே பெரிய மூலதனம்.

இதற்கெல்லாம் ஒரு மணி நேரமோ இரண்டோ ஆகலாம். நடுவழி ஒன்றும் இருக்கிறது. பைக்யூபிக் முறையில் 8 மடங்கு பெரிதாக்கி, பிறகு ஒரு வரம்புக்கு மேலிருப்பது வெள்ளை, கீழிருப்பது கறுப்பு என்று வெட்டி, அந்த உருவத்தை இங்க்ஸ்கேப்பின் Trace Bitmap அல்லது கோரல் டிராவின் PowerTRACE-இடம் கொடுப்பது. ஒற்றை நிற உருவங்களுக்கு இது நன்றாகவே வேலை செய்யும். சின்னப் படத்தை நேரடியாகக் கொடுத்தால் மட்டும் மேடும் பள்ளமுமாக நூற்றுக்கணக்கான கணுக்களோடு ஒரு வட்டம் வரும். நடுவழியில் கூர்மையான மூலைகள் உருண்டுபோகும் என்பதை நினைவில் வைத்து, அவற்றைக் கையால் திருத்த வேண்டும்.

எந்த வழியில் செய்தாலும் ஒரு சோதனை உண்டு. புதிய பெரிய படத்தின் பிரதியை மறுபடி 128 பிக்சலுக்குச் சுருக்கி, பழைய படத்தின் மேல் வைத்து, லேயரின் கலப்பு முறையை Difference என்று மாற்றுங்கள். இரண்டும் ஒன்றானால் முழுக்கக் கறுப்பாகும். வளையத்தின் எதிரெதிரான இரண்டு பக்கங்களில் மட்டும் வெளிச்சக் கோடு தெரிந்தால் வட்டம் நகர்ந்திருக்கிறது. சுற்றிலும் தெரிந்தால் விட்டம் தப்பு. ஜேபெக் அழுக்கு அங்கங்கே மங்கலாகத் தெரியும், அதை விட்டுவிடலாம்.

ஆனால் இந்தச் சோதனை தப்பைக் காட்டிக்கொடுக்கும், சரியென்று சான்று தராது. காரணம், வெவ்வேறு பெரிய படங்கள் சுருங்கி ஒரே சிறு படமாக முடியும். இதற்குத் தெளிவான உதாரணம் 2020-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட பல்ஸ் என்ற நிரல். மங்கலான ஒரு முகத்தைக் கொடுத்தால், சுருக்கிப் பார்க்கையில் அதே மங்கலைத் தரக்கூடிய தெளிவான முகம் ஒன்றை அது தேடி எடுக்கும். பராக் ஒபாமாவின் மங்கிய படத்தைக் கொடுத்தபோது ஒரு வெள்ளையரின் முகம் வந்து நின்றது. பிக்சல் கணக்கில் அது ஏறக்குறையப் பொருந்தத்தான் செய்தது. அந்த நிரலே, சிறு படத்துக்குப் பொருந்தும் முகம் ஒன்றைக் கற்பனையாகத் தேடித் தருவதற்கென்று எழுதப்பட்டதுதான். பொருத்தம் ஒன்று, அடையாளம் வேறு. எண்ணெய்க் கடையின் ணகரத்துக்கும் இதே விதிதான்.

தானியங்கி நிரலுக்கும் இடம் உண்டு. லோகோவில் வண்ணம் படிப்படியாக மாறும் ஓவியமோ நிழலோடு கூடிய முகமோ இருந்தால், அதைத் தட்டையான வடிவங்களாக மாற்றி வரைந்தால் உயிர் போய்விடும். அந்தப் பகுதியை மட்டும் நிரலில் இரண்டு அல்லது நான்கு மடங்கு பெரிதாக்கி, வட்டத்தையும் எழுத்தையும் கையால் போட்டு இரண்டையும் சேர்ப்பதே நல்லது. கைபேசித் திரையில் இரண்டு மடங்கு பெரிதாகத் தெரிந்தால் போதும் என்ற வேலைக்கும் நிரல் போதும். எழுத்துள்ள இடத்தை மட்டும் அதனிடம் ஒப்படைக்கக்கூடாது.

இவ்வளவும் தொடங்குமுன் கடைக்காரரிடம் பழைய பில், லெட்டர்ஹெட் எதற்காவது பிடிஎஃப் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். அதைத் திறந்து பல மடங்கு பெரிதாக்கிப் பார்த்து, ஓரம் கூர்மையாகவே நின்றால் உள்ளே அசல் வடிவம் அப்படியே இருக்கிறது. வரையும் வேலையே இல்லை. கிடைக்கவில்லையென்றால், வரைந்து முடித்ததும் ஊகத்தால் போட்டவற்றை மட்டும் ஒரு தாளில் பெரிதாக அச்செடுத்துக் காட்டுங்கள்: துளியின் நுனி, மஞ்சளின் அளவு, எழுத்துருவின் தடிமன். கடையில் எங்காவது ஒரு பழைய எண்ணெய் டின்னில் அசல் லேபிள் ஒட்டியிருக்கும். அவர் அதை எடுத்து வந்து பக்கத்தில் வைத்துப் பார்த்துச் சொல்வார்.