கண்மணிக்கு நேரே வராத லென்ஸ்

கண் பரிசோதனைச் சீட்டில் பவர் இருக்கும். இரண்டு கண்மணிகளுக்கும் இடையே உள்ள தூரம் பெரும்பாலும் இருக்காது. ஆப்டிகல்ஸ் கடைகளில் ‘பி.டி.’ எனப்படும் இந்த அளவு, பெரியவர்களுக்கு ஏறத்தாழ 54 முதல் 74 மில்லிமீட்டர் வரை வேறுபடும். லென்ஸில் ஒளி திசைமாறாமல் நேராகக் கடக்கும் இடத்துக்கு ஒளிமையம் என்று பெயர். அது கண்மணிக்கு நேரே வரும்படி லென்ஸை வெட்டி ஃபிரேமில் பொருத்தத்தான் பி.டி. தேவைப்படுகிறது.

மையம் விலகினால் லென்ஸ் கூடவே பட்டகமாகவும் வேலை செய்து, காட்சியைப் பக்கவாட்டில் நகர்த்திவிடும். எவ்வளவு நகரும் என்பதைப் பிரென்டிஸ் விதி சொல்கிறது: விலகலைச் சென்டிமீட்டரில் எடுத்துப் பவரால் பெருக்க வேண்டும். இரு கண்ணிலும் மைனஸ் 6 பவர், பி.டி. 60 உள்ள ஒருவருக்கு 66 என்று வைத்துக் கண்ணாடி செய்துவிட்டார்கள் என்று கொள்வோம். ஒரு பக்கத்துக்கு விலகல் 3 மில்லிமீட்டர். 0.3 × 6 = 1.8, இரு கண்ணுக்கும் சேர்த்து 3.6 பிரிசம் டயாப்டர். காட்சி இரண்டாகத் தெரியாமலிருக்க, கண்கள் வெளிப்பக்கமாக விலகி நின்றாக வேண்டும். உட்பக்கம் குவிவது கண்ணுக்கு எளிது. வெளிப்பக்கம் விலகும் திறனோ மிகக் குறைவு. நாள் முழுக்க அந்தத் தசைகள் இழுத்துப் பிடித்திருப்பதால்தான் மாலையில் நெற்றி வலியும் கண் சோர்வும் வருகின்றன. ஒரு கண்ணின் மையம் மேலேயும் மற்றதன் மையம் கீழேயும் போய்விட்டால் தொல்லை இன்னும் அதிகம். மேல்-கீழ் வேறுபாட்டைக் கண்கள் மிகச் சிறிதளவே தாங்கும். இதே 3 மில்லிமீட்டர் பிசகு அரை பவர் கண்ணாடியில் நேர்ந்தால் 0.15 மட்டுமே. அணிபவருக்குத் தெரியக்கூடத் தெரியாது.

ஆன்லைனில் வாங்கும்போது இந்த அளவை வாடிக்கையாளரே தர வேண்டியிருக்கிறது. நெற்றியில் ஏ.டி.எம். கார்டை வைத்து எடுக்கும் செல்ஃபியில், பக்கத்திலுள்ள கேமராவைப் பார்க்கும் கண்கள் உட்பக்கம் குவிகின்றன. அதற்கான திருத்தம் செய்யாவிட்டால் அளவு சில மில்லிமீட்டர் குறைந்துவிடும். முகம் லேசாகத் திரும்பியிருந்தாலும் தவறுதான். கண்ணாடி மூக்கில் எந்த உயரத்தில் உட்காரும் என்பதையோ படத்தை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. ப்ரோக்ரஸிவ் லென்ஸுக்கு அந்த உயரமும், மூக்கின் நடுவிலிருந்து ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனி தூரமும் கட்டாயம் வேண்டும்.

சிலிண்டர் பவர் இல்லாத கண்ணாடியை வீட்டிலேயே சோதிக்கலாம். கையை நீட்டிக் கண்ணாடியைப் பிடித்து, லென்ஸ் வழியே நெடுக்கான ஜன்னல் கம்பியைப் பார்க்க வேண்டும். உள்ளே தெரியும் கம்பி வெளியே உள்ளதோடு முறியாமல் சேரும் இடத்தில் ஸ்கெட்ச் பேனாவால் குறி வைத்து, இரு குறிகளுக்கும் இடையே அளந்தால் லென்ஸின் மைய தூரம் கிடைத்துவிடும். புதுப் பவர் பழக ஓரிரு வாரம் ஆகலாம். அதன் பிறகும் தலைவலி நீடித்தால் பவரையும் மையத்தையும் சேர்த்தே சரிபார்க்க வேண்டும். குறைந்த பவர் கண்ணாடியை ஆன்லைனில் வாங்கலாம். அதிக பவரும் ப்ரோக்ரஸிவும் நேரில் அளவெடுத்துச் செய்ய வேண்டியவை.