ஒன்பது மாத்திரை எங்கே போயிற்று?

மருந்து அட்டையின் பின்புறம் சிவப்புக் கட்டத்துக்குள் ‘ஷெட்யூல் எச்1’ என்று அச்சிட்டிருந்தால், கடைக்காரர் அதைப் பில் போட்டுக் கொடுப்பதோடு விட முடியாது. 2014 மார்ச் 1 முதல் அதற்கென்று தனி ரிஜிஸ்டர் வேண்டும். சீட்டு எழுதிய டாக்டரின் பெயர், முகவரி, நோயாளியின் பெயர், மருந்தின் பெயர், கொடுத்த அளவு எல்லாம் கொடுக்கும்போதே அதில் ஏற வேண்டும்; மூன்று வருஷம் பத்திரமாக இருக்க வேண்டும். நாகர்கோவில் கடைகளுக்கு ஆசாரிபள்ளம் சீட்டும் வரும், திருவனந்தபுரத்துச் சீட்டும் வரும். டாக்டர் முகவரியைச் சோம்பலில் விட்டால் பிறகு ஒன்றையும் தேடிப்பிடிக்க முடியாது.

இந்த ரிஜிஸ்டரில் சட்டம் கேட்பது கொடுத்த கணக்கைத்தான். விவரமான கடைக்காரர் அதோடு வரவையும் இருப்பையும் சேர்த்துப் பார்ப்பார். செஃபிக்சிம் 200 மில்லிகிராம் என்ற ஆன்டிபயாடிக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு கடையில் மாதத் தொடக்கத்தில் மூன்று அட்டையும் உதிரி நான்கும், ஆக 34 மாத்திரை. ஸ்டாக்கிஸ்டிடமிருந்து 5 அட்டை வந்தது, மொத்தம் 84. கம்ப்யூட்டர் பில்படி விற்றது 41, எனவே 43 இருக்க வேண்டும். டிராயரை இழுத்து எண்ணினால் 34தான் இருக்கிறது. ஒன்பது குறைகிறது.

ஒன்பது என்றதுமே பழகிய பார்மசிஸ்டுக்குப் பொறி தட்டும். அட்டைக்குப் பத்து மாத்திரை. பத்து குறைந்தால் ஒரு அட்டையே மாறிப் போயிருக்கலாம். 100 மில்லிகிராம் கேட்டவருக்கு 200 போயிருந்தால் இங்கே பத்து குறையும், அங்கே பத்து கூடும். ஒன்பது குறைந்தால், ஓர் அட்டை கொடுத்துவிட்டு பில்லில் ‘1’ என்று தட்டியிருப்பார்கள். கம்ப்யூட்டர் அதை ஒரு மாத்திரை என்று எடுத்துக்கொண்டிருக்கும்.

இப்போது கையால் எழுதிய ரிஜிஸ்டரைப் பில்லோடு வரிவரியாக ஒப்பிட வேண்டும். ஓர் இடத்தில் ரிஜிஸ்டரில் 10, பில்லில் 1. சீட்டில் காலை ஒன்று, இரவு ஒன்று, ஐந்து நாள். ரிஜிஸ்டர்தான் சரி. விற்பனை 50, இருப்பு 34, கணக்கு நேர். ஒரு மாத்திரைக் காசுக்கு ஓர் அட்டை வாங்கிப் போனவர் இனி திரும்பி வரமாட்டார், அந்த நஷ்டம் கடைக்கு. காலாவதியாகி ரிட்டர்ன் பெட்டிக்குப் போன மாத்திரையை எழுதாமல் விட்டாலும் இப்படிக் குறையும். அதை விற்பனையில் சேர்க்காமல் தனி வரியில் கழிக்க வேண்டும்.

கணக்கு நேரானதால் கடை நேர்மையானது என்றாகிவிடாது. ஐந்து அட்டை வாங்கி நான்கை மட்டும் வரவு வைத்து, ஐந்தாவதைச் சீட்டில்லாமல் விற்றாலும் ரிஜிஸ்டர் அச்சுப்போல நேராகவே நிற்கும். அதைப் பிடிக்க ஒரே வழி, ஸ்டாக்கிஸ்ட் அந்தக் கடைக்குப் போட்ட பில்களை வாங்கி, பேட்ச் நம்பரோடு கடையின் வரவை ஒத்துப் பார்ப்பது.